14 ஸ்லைடு, ரெண்டு குரல்

வணக்கம் அக்கா,

நான் நர்சிங் டியூட்டரா இருக்கேன். வயித்துப்போக்கு, ஓஆர்எஸ் பத்தி கிராம நர்ஸுங்களுக்கு நடத்துற 14 ஸ்லைடு பிபிடி ஒண்ணு இருக்கு. அத ரெண்டு பேரு பேசிக்கிற மாதிரி ஆடியோவா பண்ணி அனுப்பலாம்னு ஸ்கிரிப்ட் எழுதுனேன். படிச்சுப் பாத்தா நானே பாதியில விட்டுட்டேன், ஒருத்தி பாடம் நடத்துறா, இன்னொருத்தி "ஓ அப்படியா"ன்னு மட்டும் சொல்றா. எங்க தப்பு பண்றேன்?

வணக்கம்மா,

நீங்க அனுப்புன ஸ்கிரிப்ட்ல ரெண்டாவது ஆளோட வரிய எல்லாம் அடிச்சிட்டு மிச்சத்த படிச்சுப் பாத்தேன், ஒரு இடத்துலகூட அறுபடல, அப்படியே லெக்சரா ஓடுது. அதாவது அந்தப் பொண்ணுக்கு அங்க வேலையே இல்ல. அவளுக்கு வேலை குடுக்கணும்னா அவ மனசுல ஒரு தப்பான நம்பிக்கை இருக்கணும், அதுவும் நீங்க கற்பனை பண்ணது இல்ல, ஊர்ல அம்மாக்கள் நிஜமாவே கேக்குறது.

அதனால எழுத உக்காரும்முன்ன ஒவ்வொரு ஸ்லைடுக்கும் பக்கத்துல ஒரே ஒரு கேள்விய எழுதுங்க, இந்த ஸ்லைடு யாரோட எந்தச் சந்தேகத்துக்குப் பதில்னு. கேள்வியே வரலன்னா அந்த ஸ்லைடு தனியா நிக்க வேண்டியதில்ல, பக்கத்து ஸ்லைடோட சேத்துருங்க. உங்க 14ல எனக்கு எட்டுதான் தேறுச்சு.

உங்க 5வது ஸ்லைடையே எடுத்துக்கலாம். தலைப்பு 'சோடியம் குளுக்கோஸ் கூட்டுக் கடத்தல்', கீழ குடலோட படம், அம்புக்குறி, 245ன்னு ஒரு அடர்த்தி கணக்கு. காதால கேக்குறவங்களுக்கு படமும் இல்ல, அந்த 245ம் நிக்காது. நான் இப்படி எழுதுவேன்:

தங்கச்சி: அக்கா, ஓஆர்எஸ் குடுத்தும் பேதி நிக்கலயேன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க.

அக்கா: அது பேதிய நிறுத்துறதுக்கு இல்லடி. வெளிய போன தண்ணியையும் உப்பையும் திருப்பி உள்ள வைக்கிறதுக்கு.

தங்கச்சி: தண்ணிதான் வேணும்னா வெறும் தண்ணியே குடுக்கலாமே?

அக்கா: பேதி நேரத்துல வெறும் தண்ணிய குடல் சரியா இழுக்காது. உப்பும் சர்க்கரையும் ஜோடியா வந்தா உள்ள போறதுக்குன்னு ஒரு வாசல் இருக்கு, அந்த ஜோடி நுழையும்போது தண்ணியும் பின்னாலயே போயிரும்.

தங்கச்சி: அப்ப இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டா சீக்கிரம் போகுமா?

அக்கா: போகாது. வாசல் இழுக்குற அளவுக்கு மேல இருக்குற சர்க்கரை குடல்லயே நின்னு உடம்புல இருக்குற தண்ணிய வெளிய இழுக்கும், பேதி கூடிரும்.

இங்க தங்கச்சியோட வரிய எடுத்துட்டா அக்கா சொல்றது துண்டு துண்டா நிக்கும். அப்புறம் பாருங்க, கரைசல் அளவுக்கு மேல அடர்த்தியா இருக்கக்கூடாதுன்னு அந்த 245 சொல்ல வந்த விஷயம் நம்பரே இல்லாம வந்துருச்சு.

நம்பர் முழுசா வேணாம்னு சொல்லல. நர்ஸ் கையால செய்யுற கணக்கு மட்டும் இருக்கட்டும். பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணிக்குன்னு இருக்கே, அத ரெண்டு தடவ, ரெண்டு விதமா சொல்லுங்க, ஏன்னா அந்தப் பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கலக்கிக் குடுத்தா உப்பு ஏறி குழந்தைக்கே ஆபத்தாயிரும். 200 மில்லி சின்ன பாக்கெட்டும் வருதுங்கறதால "பாக்கெட் மேல என்ன அளவு போட்டிருக்குன்னு மொதல்ல பாரு"ன்னு அக்கா சொல்லியே ஆகணும். துத்தநாக மாத்திரை 14 நாள்ங்கறத "பேதிதான் நின்னுருச்சே, நிறுத்திரலாமா?"ங்குற கேள்விக்கு பதிலா வைங்க, அப்பதான் அந்த 14 காதுல ஒட்டும்.

தோல கிள்ளிப் பாக்குற ஃபோட்டோ ஸ்லைடுக்கு "இந்தப் படத்துல பாக்குற மாதிரி"ன்னு அப்படியே விட்டிருக்கீங்க. அந்த இடத்துல அக்கா கைவேலைய சொல்லட்டும்: வயித்துத் தோல ரெண்டு விரலால கிள்ளி விடு, பழையபடி போக 2 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

1971 வங்கதேசப் போர் ஸ்லைடு ரெண்டாவதா இருக்கு, அத பின்னாடி தள்ளுங்க. இந்த உப்புத்தண்ணி உசுரக் காப்பாத்துமான்னு தங்கச்சி சந்தேகப்படுற இடத்துல, பாங்கான் அகதி முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதே மாதிரி கரைசல குடுத்ததும், காலரா வந்தவங்கள்ல 100க்கு 30 பேர் வரைக்கும் செத்துட்டு இருந்தது 4க்குக் கீழ வந்துச்சுன்னு அக்கா சொன்னா அது கதையா நிக்கும். ஆரம்பத்துலயே வச்சா வெறும் வரலாறா போயிரும்.

நீளத்துக்கு ஒண்ணு. நம்ம வார்த்தைங்க நீளம், நான் சத்தமா படிச்சா நிமிஷத்துக்கு 100 வார்த்தைதான் வருது, உங்களுக்கு எவ்ளோன்னு ஒரு பக்கம் படிச்சு கடிகாரத்துல பாத்துக்கோங்க. எட்டு கேள்விக்கு 10 நிமிஷம்னு வச்சா 1000 வார்த்தை, அதுக்கு மேல போனா வெட்டுங்க.

எல்லாருக்கும் அனுப்பும்முன்ன பிபிடிய பாக்காத ஒரு நர்ஸுக்கு மட்டும் போட்டுக் காட்டி, "பெரிய பாக்கெட்ட எவ்ளோ தண்ணில கலக்கணும், சர்க்கரை ஏன் கூட போடக்கூடாது"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. எதுல தடுமாறுறாங்களோ அந்த உரையாடல மட்டும் திருப்பி எழுதி எனக்கு அனுப்புங்க, பாக்குறேன்.