ஃபோட்டோ காப்பி முடிந்த பிறகும் நாஸ் ஏன் நாள்கணக்கில் ஓடுகிறது?

கேள்வி: பெங்களூரில் வீட்டில் இரண்டு டிஸ்க் போட்ட சினாலஜி நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி, இருக்கிறது, ராம் 1 ஜிபி. லேப்டாப்பிலிருந்து குடும்பப் படங்கள் சுமார் 70,000 ஃபைல், 400 ஜிபி காப்பி செய்தேன், பெரும்பாலும் ஐபோன் படங்கள். ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளாக டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆப்பில் பாதிப் படங்கள் வெறும் சாம்பல் கட்டமாகத் தெரிகின்றன. பழுதா? ரீஸ்டார்ட் செய்யலாமா?

பதில்:

பெரும்பாலும் பழுது இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் வேலை அதனால் சீக்கிரம் முடியவும் முடியாது. மூட்டையை லாரியிலிருந்து இறக்குவது ஒரு ராத்திரி வேலை. அதைப் பிரித்துப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி அடுக்குவது வேறு வேலை. உங்கள் நாஸ் இப்போது இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஒரு படத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த நேரம் எங்கே போகிறது என்பது புரிந்துவிடும். புதிய ஃபைல் வந்ததும் நாஸ் முதலில் அதைத் திறந்து எடுத்த தேதி, கேமரா, இடம் ஆகியவற்றைப் படித்து டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறது. இது லேசான வேலை. அடுத்து தம்ப்நெயில், அதாவது ஆப்பில் வரிசையாகக் காட்டும் சின்னப் படம். நாஸின் இயங்குதளம் 2024-இல் வந்த டி.எஸ்.எம். 7.2.2-க்கு முந்தையது என்றால் இங்கேதான் ஐபோன் படம் கஷ்டம் கொடுக்கிறது. அந்தப் பதிப்பில் ஐபோனின் `.HEIC` படத்தை விரிக்கும் வேலை நாஸிடமிருந்து ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் மாற்றப்பட்டது.

பழைய ஜேபெக் படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் நினைத்தால் அந்தக் கட்டங்களை முழுதாக விரிக்காமலே பாதி, கால், எட்டில் ஒரு பங்கு அளவில் நேரடியாகப் படத்தை எடுத்துவிடலாம். சின்னப் படம்தானே வேண்டும், அது போதும். `.HEIC` படத்தில் இந்தக் குறுக்கு வழி கிடையாது. அது வீடியோவுக்குப் பயன்படும் எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டது. 4032-க்கு 3024 அளவுள்ள ஒரு சாதாரண ஐபோன் படத்தை 512-க்கு 512 துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். குறுக்கே 8, நெடுக்கே 6, மொத்தம் 48 துண்டுகள். ஒவ்வொன்றையும் முழுசாக விரித்து, ஒட்டி, அப்புறம்தான் சுருக்க வேண்டும். டிஸ்கில் 2 எம்பி இருக்கும் படம் ராமில் விரியும்போது சுமார் 36 எம்பி ஆகிவிடும். 48 மெகாபிக்சலில் எடுத்திருந்தால் அதைப் போல நாலு மடங்கு. ஃபைலுக்குள்ளேயே ஐபோன் வைத்திருக்கும் குட்டிப் படம் 320-க்கு 240 அளவுதான், ஃபோன் திரையை நிரப்பிக் காட்ட அது பத்தாது.

ஃபோனில் இதையெல்லாம் விரிக்க சிப்பிலேயே தனிப் பகுதி உண்டு, அதனால் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது. விலை குறைந்த நாஸில் இருக்கும் ப்ராசஸர் பெரும்பாலும் இதைச் சாஃப்ட்வேர் மூலமே செய்யும். அது ஃபைல் பரிமாறுவதற்காக வைத்த சின்ன ப்ராசஸர், படம் விரிப்பதற்காக அல்ல. ராம் 1 ஜிபி என்பதும் இங்கே உறைக்கும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று படங்கள் விரிந்து கிடக்க, கூடவே டேட்டாபேஸும் இடம் கேட்டால், மிச்சம், ராம் பத்தாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் ஸ்வாப் என்ற பகுதிக்குப் போகும். அந்த டிஸ்கும் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

டிஸ்க் ஏன் மூச்சு வாங்குகிறது? நீங்கள் காப்பி செய்தபோது பெரிய ஃபைல்கள் வரிசையாக எழுதப்பட்டன. ஹார்டு டிஸ்க் அதில் கெட்டிக்காரன், நொடிக்கு 100 எம்பிக்கு மேலேயே எழுதும். தம்ப்நெயில் வேலை அதற்கு நேர் எதிர். சினாலஜியில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் `@eaDir` என்று மறைவாக ஒரு ஃபோல்டர் உண்டாகும். அதற்குள் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தனி ஃபோல்டர், அதற்குள் பொதுவாக `SYNOPHOTO_THUMB_XL.jpg`, `SYNOPHOTO_THUMB_M.jpg`, `SYNOPHOTO_THUMB_SM.jpg` என்று மூன்று குட்டி ஃபைல்கள். உங்கள் 70,000 ஃபைலுக்குக் கணக்குப் போட்டால் 70,000 புது ஃபோல்டர், இரண்டு லட்சத்துக்கு மேல் குட்டி ஃபைல், டேட்டாபேஸ் வரிகள் தனி. ஒவ்வொன்றுக்கும் டிஸ்கின் ஊசி வேறு இடத்துக்குத் தாவ வேண்டும். சுழலும் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் அப்படித் தாவ முடியும். ஒன்றின் நகல் இன்னொன்றாக இரண்டு டிஸ்க் போட்டிருந்தால் எழுத்து இரண்டிலும் நடக்கும். நீங்கள் கேட்கும் கரகர சத்தம் இந்தத் தாவல்தான்.

சரி, எப்போது முடியும்? நாஸ் காட்டும் சதவீதத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. நாமே எண்ணிவிடலாம். லேப்டாப்பிலிருந்தே நாஸுக்குக் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் இதைக் கொடுங்கள்:

```
sudo find /volume1/photo -name 'SYNOPHOTO_THUMB_SM.jpg' | wc -l
```

படங்கள் உங்கள் சொந்தப் பகுதியில் இருந்தால் பாதை `/volume1/homes/` என்று தொடங்கும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கொடுங்கள். உதாரணத்துக்கு, 7 மணிக்கு 31,200, 8 மணிக்கு 32,150 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 950, அதாவது ஒரு படத்துக்கு 4 நொடியை ஒட்டி. மிச்சம் 38,000-க்குச் சற்றுக் குறைவு. 950-ஆல் வகுத்தால் 40 மணி நேரம். ஏற்கெனவே ஓடிய இரண்டு நாளையும் சேர்த்தால் ஆக மொத்தம் நான்கு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆகும், இப்போது நீங்கள் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டாம். அந்தக் கட்டளையும் டிஸ்கைத்தான் குடைகிறது.

எண் ஏறிக்கொண்டே இருந்தால் பொறுமையாக விட்டுவிடலாம். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும். அப்போது `top` கொடுத்துப் பாருங்கள். ப்ராசஸர் நிரம்பி இருந்தால் எதையோ விரித்துக்கொண்டிருக்கிறது. ப்ராசஸர் சும்மா இருந்து, `wa` என்ற எண் மட்டும் உயர்ந்திருந்தால் டிஸ்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே இல்லை என்றால் வேலை உண்மையாகவே நின்றுவிட்டது, அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் சரியான வைத்தியம். சில படங்களுக்கு மட்டும் சாம்பல் கட்டம் கடைசி வரை மாறவில்லை என்றால், `@eaDir`-இல் `.fail` என்று முடியும் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் படத்தை விரிக்க முயன்று முடியவில்லை என்று நாஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. ஃபோனிலிருந்து லேப்டாப்புக்கு எடுக்கும்போது கேபிள் ஆடிப்போய் காலியாக வந்த ஃபைல்கள் பல வீடுகளில் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க:

```
sudo find /volume1/photo -type f -size 0 -not -path '*/@eaDir/*'
```

இதில் வருபவற்றை ஃபோனிலிருந்து மறுபடி எடுத்துவிடுங்கள், மூலப் படம் அங்கே இருக்கும்போதே.

தம்ப்நெயில் முடிந்ததும் சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முக அடையாள வசதியை இயக்கியிருந்தால் அது மறுபடி ஒவ்வொரு படமாக எடுத்து முகம் தேடும், ஒரே ஆளின் முகங்களைச் சேர்க்கும். அதுவும் ப்ராசஸரைப் பிழியும் வேலைதான். சின்ன நாஸில் முதலில் அதை அணைத்துவிட்டு, தம்ப்நெயில் முடிந்த பிறகு இயக்குவது நல்லது. இன்னொன்றும் பாருங்கள். டிவியில் படம் காட்ட உதவும் மீடியா இன்டெக்ஸிங், ஃபைல் தேடலுக்கான இன்டெக்ஸிங், ஃபோட்டோ ஆப்பின் இன்டெக்ஸிங் மூன்றும் தனித்தனி. நீங்கள் பயன்படுத்தாததை அந்த ஃபோல்டருக்கு அணைத்துவிட்டால் ஒரே ஃபைலை மூன்று பேர் மாற்றி மாற்றித் திறப்பது நிற்கும்.

அல்சூரில் என் சித்தப்பா வீட்டில் இதே புகார் வந்தது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய நாஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். நான் போய் `cat /proc/mdstat` கொடுத்தால் `resync` என்று ஓடிக்கொண்டிருக்கிறது. புது டிஸ்க் இரண்டையும் போட்ட அன்றைக்கே படங்களையும் ஏற்றிவிட்டார். ஒரு பக்கம் இரண்டு டிஸ்கையும் முதல் சென்டிமீட்டரிலிருந்து கடைசி வரை சரிபார்க்கும் வேலை, இன்னொரு பக்கம் லட்சக்கணக்கில் குட்டி ஃபைல் எழுதும் வேலை, இரண்டும் அதே ஊசிகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டு டிஸ்கையும் ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறையின் அந்தச் சரிபார்ப்பு முடிகிற வரை ஃபோட்டோ இன்டெக்ஸிங்கை நிறுத்திவைத்தோம். அப்புறம் அது தன் பாட்டுக்கு ஓடியது. நம் ஊரில் மழை வந்தால் கரண்ட் போகும், யூபிஎஸ் இல்லாமல் நாஸ் பொசுக்கென்று அணைந்தால் அந்தச் சரிபார்ப்பு மறுபடி வரலாம். ஆகவே உங்களிடமும் அந்தக் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

டிஸ்கின் மாடலையும் பாருங்கள். எஸ்.எம்.ஆர். வகை டிஸ்கில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறி எழுதப்பட்டிருக்கும், அதனால் அங்கங்கே சின்ன எழுத்து என்றால் சுற்றியுள்ளதையும் திருப்பி எழுத வேண்டிவரும். கொஞ்ச நேரம் வேகமாக ஓடிவிட்டு அப்புறம் படுத்துவிடும். நாஸுக்கென்றே விற்ற சில டபிள்யூ.டி. ரெட் மாடல்களும் இந்த வகைதான் என்பது 2020-இல் வெளியே வந்தது. எஸ்.எம்.ஆர். இல்லாதவை இப்போது ரெட் பிளஸ் என்ற பெயரில் வருகின்றன.

செய்யக்கூடாதவை இரண்டு. வேலை நடக்கும்போது ஃபோல்டர் பெயரை மாற்றுவது, ஆண்டு வாரியாக நகர்த்தி அடுக்குவது எல்லாம் வேண்டாம், நகர்ந்தவற்றைப் புது ஃபைல் என்று நினைத்து நாஸ் மறுபடி வரிசையில் சேர்க்கக்கூடும். இன்டெக்ஸை மறுபடி உருவாக்கும் பொத்தானையும் பதற்றத்தில் அழுத்தாதீர்கள், வரிசை மறுபடி தலையிலிருந்து தொடங்கும். `@eaDir` இடத்தை அடைக்கிறதே என்று அழித்தால் இத்தனை நாள் வேலையும் போயிற்று.

இனிமேல் சேரும் படங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது, ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாலும் சில நூறுதான். மறுபடி பெரிய மூட்டை ஒன்று ஏற்ற நேர்ந்தால், ஃபோல்டரில் இழுத்துப் போடாமல் பிரௌசர் வழியாக ஏற்றிப் பாருங்கள். அதற்குத் துணையாக சினாலஜியின் `Image Assistant` என்ற நிரலை லேப்டாப்பில் நிறுவிக்கொண்டால், `.HEIC` படங்களை விரித்துச் சிறுபடம் செய்யும் வேலையை லேப்டாப்பே பார்த்துவிடும். ஏற்றும் நேரம் கூடும், ஆனால் நாஸுக்கு மிச்சம் இருப்பது டேட்டாபேஸ் வரிகளும் முகம் தேடுவதும்தான்.