பதில் வராத லிங்க்ட்இன் மெசேஜில் என்ன குறை?

தம்பி, நீங்கள் லிங்க்ட்இனில் அனுப்பிய மெசேஜை உங்கள் அப்பா எனக்கு அனுப்பியிருந்தார். இதையே பலருக்கு அனுப்பியும் ஒருவர்கூட பதில் போடவில்லையாம். "மரியாதையாத்தானே எழுதியிருக்கான், இதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார். முதலில் அந்த மெசேஜ் அப்படியே:

> மதிப்பிற்குரிய ஐயா, இனிய காலை வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்த மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். தங்கள் புரொஃபைல் எனக்கு மிகுந்த உத்வேகம் அளித்தது. எனக்கு வழிகாட்ட யாரும் இல்லை. தயவுசெய்து என் எதிர்காலத்துக்கு வழிகாட்டுங்கள் ஐயா. தங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தாலும் சொல்லுங்கள். ரெஸ்யூம் இணைத்துள்ளேன். தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி. பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மரியாதைக்கு இதில் பஞ்சமில்லை. கேட்டிருப்பதுதான் மிகப் பெரிது. "என் எதிர்காலத்துக்கு வழிகாட்டுங்கள்" என்பதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால், உங்களுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், அரியர் இருக்கிறதா, வெளியூர் போகத் தயாரா என்று அவர் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அவர் இதைப் படிப்பது கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஃபோனில். அக்கறையில்லாதவர் அப்போதே கடந்து போய்விடுவார். அக்கறையுள்ளவர் "ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுதலாம்" என்று ஒதுக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் மெசேஜ் எங்கோ கீழே போயிருக்கும்.

"நடுத்தரக் குடும்பம்", "வழிகாட்ட யாரும் இல்லை" என்ற இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். உதவித்தொகை விண்ணப்பத்தில் அவை அவசியம் வர வேண்டிய வரிகள். முன்பின் தெரியாதவரிடம் சொன்னால், பதில் போடாவிட்டால் தான் கெட்டவன் என்ற உணர்வை அவர்மேல் ஏற்றுகின்றன. அந்தச் சங்கடத்தில் இருந்து தப்ப எளிய வழி, மெசேஜைத் திறக்காமல் விடுவது. "உத்வேகம் அளித்தது" என்ற வரியில் எது உத்வேகம் அளித்தது என்று இல்லை. பெயரை மாற்றினால் ஒரு வங்கி மேலாளருக்கும் இதே வரி பொருந்தும். வாங்குபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மொத்த மெசேஜையும் கெடுத்தது வேலை பற்றிய வரி. அதைப் படித்ததும், மேலே சொன்னதெல்லாம் இதற்கான முன்னுரைதான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பல கம்பெனிகளில் ரெஃபரல் கொடுத்தால், கொடுத்தவர் பெயர் அந்த விண்ணப்பத்தோடு பதிவாகும். ஒரு மெசேஜ் அளவுக்கு மட்டுமே தெரிந்த பையனுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ரெஸ்யூமும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். கேட்காமல் வந்த ஃபைலை அவர் திறக்கமாட்டார். உங்கள் ஃபோன் நம்பரும் வீட்டு முகவரியும் தெரியாத இடங்களுக்குப் போவதுதான் மிச்சம்.

இனி மாற்றி எழுதுவோம். நீங்கள் போக நினைப்பது கார் பாகங்களைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் சிஏஇ துறை என்று அப்பா எழுதியிருக்கிறார். முதலில் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வைஸ் பிரெசிடென்ட்டுக்கு எழுதாதீர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து நிலவரம் வேறு. மூன்று முதல் ஆறு வருட அனுபவம் உள்ளவருக்குத்தான் இப்போது புதிதாகச் சேருபவர் எப்படி உள்ளே வருகிறார் என்பது தெரியும். உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் Alumni என்ற பகுதி இருக்கிறது. அதில் படித்த பாடம், ஊர், கம்பெனி என்று வடிகட்டிப் பார்க்கலாம். முதலில் பாகத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷிங் செய்து, பிறகு மோதலைக் கணக்கிட்டுப் பார்க்கும் கிராஷ் அனாலிசிஸ் பக்கம் போன ஒரு சீனியர் அதில் கிடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இணைப்புக் கோரிக்கையோடு போகும் குறிப்பை Add a note என்ற இடத்தில் எழுத வேண்டும். இலவசக் கணக்கில் அது 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும், மாதத்துக்குச் சிலருக்கே குறிப்போடு அனுப்ப முடியும். தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கல். கம்ப்யூட்டர் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். "தமிழ்" நமக்கு 3 எழுத்து, அதற்கு 5. அதனால் நீட்டி முழக்க இடமில்லை, அது நல்லதுதான். இப்படி எழுதலாம்:

> வணக்கம் சார். நம் கல்லூரி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். மெஷிங்கில் இருந்து கிராஷ் அனாலிசிஸுக்கு நீங்கள் மாறியது பற்றி ஒரு கேள்வி உண்டு. இணைத்துக்கொள்ள முடியுமா?

இது சுமார் 165 எழுத்து. யார் என்பதும், ஏன் இவரிடம் என்பதும், ஒரே ஒரு கேள்விதான் என்பதும் இதில் வந்துவிட்டது. கேள்வியை இங்கேயே கொட்ட வேண்டாம். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, அன்றோ மறுநாளோ கீழே உள்ளதை அனுப்புங்கள். அதில் வரும் ஹைப்பர்மெஷ் மெஷிங் செய்யும் சாஃப்ட்வேர், எல்எஸ்-டைனா மோதலைக் கணக்கிடும் சாஃப்ட்வேர், அதாவது சால்வர்:

> இணைத்ததற்கு நன்றி சார். நீங்கள் இரண்டு வருடம் மெஷிங் செய்து பிறகு கிராஷ் பக்கம் போனதாக புரொஃபைலில் பார்த்தேன். நான் ஹைப்பர்மெஷ் மாணவர் பதிப்பில் ஒரு பிராக்கெட்டும், ஒரு கார் கதவின் உள் பேனலும் மெஷ் செய்து பழகியிருக்கிறேன். சால்வர் எதுவும் தொட்டதில்லை. படிப்பு முடிவதற்குள் ஆறு மாதம் இதற்கு ஒதுக்க முடியும். மெஷிங் வேலையில் சேர்ந்து, உள்ளே இருந்தபடியே மாறுவது நடைமுறையில் நடக்கிறதா? இல்லை, சேரும்போதே எல்எஸ்-டைனா அடிப்படை தெரிந்திருக்க வேண்டுமா? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும். வேலை அதிகம் என்றால் பரவாயில்லை சார்.

இதில் புகழ்ச்சியே இல்லை. ஆனால் அவர் கடந்து வந்த பாதையைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. வாங்குபவருக்கு அதுதான் மரியாதையாகப் படும். நீங்கள் செய்ததை அளவோடு சொல்லி, செய்யாததையும் சொல்லியிருக்கிறீர்கள். "ஹைப்பர்மெஷில் நிபுணன்" என்று எழுதியிருந்தால், கதவுப் பேனலில் எலிமென்ட் அளவு எவ்வளவு வைத்தாய் என்று அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும். கேள்வி இதுவா அதுவா என்று இருப்பதால், "ரெண்டாவதுதான், டைனா கத்துக்கோ" என்று பஸ்ஸிலேயே அவர் தட்டிவிடலாம். நிறைய எழுதத் தோன்றினால் அவரே எழுதுவார்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "காத்திருக்கிறேன்" என்பது அவருக்குக் கெடு வைக்கிறது. "பரவாயில்லை" என்பது அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அதே வரியை "தொந்தரவுக்கு ஆயிரம் மன்னிப்பு" என்று நீட்டினால் மறுபடி பழைய பாரம் ஏறிவிடும். மன்னிப்பு கேட்கும் அளவுக்கு நீங்கள் எதுவும் செய்யவில்லை.

எப்படி அழைப்பது என்று மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டுக் கம்பெனிகளில் மூத்தவரை முதல் மெசேஜில் "சார்", "மேடம்" என்று அழைத்தால் யாருக்கும் உறுத்தாது. ஒருமுறை தொடக்கத்தில், ஒருமுறை முடிவில் வந்தால் போதும். வரிக்கு வரி "சார்" போட்டால் கெஞ்சுவதாகத் தோன்றும். "ஐயா", "தாங்கள்" இரண்டும் மனு எழுதும் நடையைக் கொண்டுவந்துவிடுகின்றன. "நீங்கள்" என்பதே போதுமான மரியாதை. சொந்தக் கல்லூரி சீனியர் என்றாலும் முதல் மெசேஜிலேயே "அண்ணா", "அக்கா" வேண்டாம். அவர் பதிலில் "தம்பி" என்று எழுதினால் அடுத்த மெசேஜில் "அண்ணா" இயல்பாக வரும். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் பெயரைச் சொல்லித் தொடங்குவதே அங்கே வழக்கம், அது மரியாதைக் குறைவு ஆகாது. பெண்களுக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது, புரொஃபைல் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது, இரவு பதினொரு மணிக்கு அனுப்புவது எல்லாமே கேள்வியைப் படிக்கும் முன்பே உங்களை பிளாக் செய்ய வைக்கும்.

மொழியை அவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவர் தமிழில் பதிவு போடுபவர் என்றால் தமிழில் எழுதலாம், இல்லையென்றால் ஆங்கிலத்தில். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதை மட்டும் தவிருங்கள், அது வாட்ஸ்அப்பில் நண்பர்களோடு இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" வகையறா வேண்டாம். மேலே உள்ள எளிய வாக்கியங்களையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். அனுப்பும் முன் பெயரையும் கம்பெனியையும் ஒருமுறை பாருங்கள். போன மெசேஜை நகலெடுத்து ஒட்டும்போது பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வரும். அனுப்பிய 60 நிமிடத்துக்குள் பார்த்துவிட்டால் திருத்தவோ நீக்கவோ முடியும்.

பதில் வரவில்லை என்றால் பத்து நாள் விட்டு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். "பார்த்தீர்களா சார்?" என்று கேட்காதீர்கள், பார்த்தது பல சமயம் உங்களுக்கே தெரியும், அவருக்கும் குற்ற உணர்வு வரும். அதற்குப் பதில் இடையில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்: "சார், இதற்கிடையில் டைனாவில் ஒரு எளிய குழாய் மோதல் மாடலை ஓட்டிப் பார்த்தேன். முந்தைய கேள்வி இன்னும் இருக்கிறது, முடிந்தால் சொல்லுங்கள்." அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். இணைப்புக் கோரிக்கையே நிலுவையில் கிடந்தால் Withdraw செய்யலாம். ஆனால் திரும்பப் பெற்ற பிறகு அதே நபருக்கு மறுபடி அனுப்பச் சுமார் மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு எடுத்துவிட்டு மறுபடி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள்.

பதில் வந்தால் அன்றே நன்றி சொல்லுங்கள், அடுத்த கேள்வியை அதிலேயே ஒட்டாமல். அவர் "மெஷிங்கிலேயே மாட்டிக்கொள்வாய், இந்தப் பக்கம் வராதே" என்று எழுதினாலும் வாதாடாதீர்கள். அது ஒருவர் கண்டது, இன்னும் இரண்டு பேரிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதுங்கள். "உங்கள் டீமில் ஃப்ரெஷர்ஸ் எடுத்தால் எந்த வழியாக விண்ணப்பிப்பது?" என்ற கேள்விக்கு அதற்குப் பிறகுதான் இடம். அப்போதும் கேட்பது வழியை மட்டும்தான். ரெஸ்யூமை அனுப்பச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் கணக்கில் இருந்து அவர் எழுத வேண்டாம். "என் மகனுக்கு" என்று தொடங்கும் மெசேஜ் வந்தால், மகன் ஏன் எழுதவில்லை என்றுதான் அந்த சீனியர் யோசிப்பார்.