அம்மியில எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு வாடையும்

கேள்வி: வறுத்து அரைக்கிற மசாலா அரைச்சா அம்மியில எண்ணெய்ப் பிசுக்கு போகவே மாட்டேங்குது. பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டா அடுத்த நாள் சட்னியில சோப்பு வாடை அடிக்குது. நீங்கல்லாம் எப்படிக் கழுவுறீங்க?

பதில்:

பச்சரிசியும் கல்லுப்பும் போதும். ஆனா பச்சத்தண்ணிய மொதல்ல ஊத்தாதீங்க, நானும் ரொம்ப நாள் அந்தத் தப்பத்தான் பண்ணிட்டிருந்தேன். பெரம்பூர்ல எங்க வீட்டுக்கு அம்மா வந்திருந்தப்ப நான் குழாய்க்கு அடியில அம்மிய நனைக்கிறத பார்த்துட்டு "ஏன்டா, எண்ணெய்ய அப்படியே கல்லு பூரா பூசி விடுற"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. அவங்க சொன்னது சரிதான், தேங்காயும் கசகசாவும் விடுற எண்ணெய் தண்ணில கரையாது, பச்சத்தண்ணி பட்டா வழுவழுன்னு பரவி கொத்தின குழிக்குள்ளதான் போய் உக்காருது.

அரைச்சு முடிச்ச உடனே கையால வழிச்சு எடுத்துட்டு, கொஞ்சமா சுடுதண்ணி தெளிச்சு குழவிய நாலு ஓட்டு ஓட்டி அந்தத் தண்ணிய குழம்புலயே ஊத்திடுங்க, பாதி மசாலா அதுலயே வந்துரும். அப்புறம் துணியால ஒத்தி எடுத்துட்டு அரைக் கைப்பிடி பச்சரிசி (ரேஷன் அரிசியே போதும்), ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டு ரவை பதத்துக்கு அரைங்க. உப்பு குழியச் சுரண்டும், அரிசி மாவு எண்ணெய்ய உறிஞ்சிக்கும். மொத தடவ ஆரஞ்சு கலர்ல வரும், வழிச்சுக் கொட்டிடுங்க. ரெண்டாவது தடவ அதே அளவு அரிசிய அரைமணி நேரம் ஊறப்போட்டு சுடுதண்ணி விட்டு மாவா அரைங்க. மாவு வெள்ளையா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி அரைக்கணும், எனக்கு பெரும்பாலும் மூணாவதுல வந்துரும். கடைசியா தேங்கா நாரால தேச்சு சுடுதண்ணில அலசிடுங்க. குழவியோட ரெண்டு முனை, கை பிடிக்கிற இடம், அதையும் விடாதீங்க, எல்லாரும் மறக்கிறது அங்கதான்.

எண்ணெய் போயிடுச்சான்னு கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, மிளகாய்ச் சிவப்பு கல்லுல லேசா தங்கும், அதால ஒண்ணும் இல்ல. காய்ஞ்ச கல்லுல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. முத்து மாதிரி உருண்டு நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு, பரவுச்சுன்னா போயிடுச்சு.

இப்ப சோப்பு வாடைக்கு வருவோம். இது எனக்கே நடந்த கூத்து. லிக்விட நிறுத்தி ரெண்டு வாரம் ஆகியும் சட்னி சோப்பு மாதிரியே இருந்துச்சு. ஈரக் கல்லுல வெறும் தண்ணி விட்டு குழவிய ஓட்டிப் பார்த்தேன், ஒரு நுரை கூட இல்ல. அப்ப சோப்பு மிச்சம் இருக்க வாய்ப்பு கம்மிதானே. பிரச்சினை என்னன்னா நவம்பர் மழையில சர்வீஸ் ஏரியாவுல ஈர அம்மி மேலயே குழவியப் படுக்க வச்சு விட்டுட்டேன், அதுக்கு அடியில காயவே இல்ல. தேங்காய் எண்ணெய் ஈரத்துல கிடந்து கெட்டா அதுல இருக்கிற லாரிக் அமிலம் பிரிஞ்சு வரும், அதோட ருசியே சோப்பு ருசிதான். நான் பாட்டுக்கு லிக்விட் கம்பெனியத் திட்டிட்டு இருந்தேன்.

அதனால நீங்களும் மொதல்ல அந்த நுரை சோதனையப் பண்ணுங்க. நுரை வந்தா நிஜமாவே சோப்புதான், அம்மி மேல ஒரு டவல விரிச்சு தாங்குற சூட்டுல தண்ணி ஊத்தி ஊற விடுங்க, ஆறினதும் மாத்துங்க, நாலஞ்சு தடவ மாத்தின பிறகு அரிசிய அரைங்க. நுரை வரலைன்னா பழைய தேங்காய்தான். மேல சொன்ன அரிசி வேலைய ரெண்டு நாள் விடாம பண்ணுங்க, நடுவுல நல்லா காய விடணும். எனக்கு மூணாவது நாள் தேங்காயத் துளி அரைச்சு நக்கிப் பார்த்தப்ப சுத்தமா இருந்துச்சு.

சோடா மாவு போடச் சொல்லுவாங்க, நான் போட மாட்டேன், அது கெட்ட எண்ணெயோட சேர்ந்தா அதுவே கொஞ்சம் சோப்பாகும். எலுமிச்சம்பழம் கருங்கல்லுக்கு ஓகே, ஆனா வெள்ளை மார்பிள் இடிகல்லு வச்சிருந்தா வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிச்சிடும். புதுசா கொத்தின அம்மின்னா குழி ஆழமா இருக்கும், ஒண்ணு ரெண்டு தடவ கூடுதலா அரைக்க வேண்டி வரும் (இப்பல்லாம் தெருவுல அம்மி கொத்துறவர் யாரு வர்றாங்க).

கழுவினதும் அம்மிய செவுத்துல சாய்ச்சு வச்சு, குழவிய தனியா நிக்க வச்சு வெயில்ல வைங்க. மழை நாள்னா ஃபேன் அடியில ஒரு ராத்திரி, அதுக்கப்புறம்தான் குழவிய அம்மி மேல ஏத்துவேன்.