வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அப்பா விட மாட்டேன் என்கிறார். நீங்கள் எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள்?

துணைமின் நிலையங்களில் ரிலே பேனல்களைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. வெளியூர் வேலை கிடைத்ததும் அப்பா "வேண்டாம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. இரண்டு வாரம் சம்பளம், பதவி, எதிர்காலம் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதையெல்லாம் மறுக்கவே இல்லை என்பது புரிய எனக்கு அத்தனை நாள் ஆனது.

ஒருநாள் கேட்டேன். "என்ன ஆயிடும்னு பயப்படுறீங்கப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிஞ்சா ரூமுக்கு எப்படி வருவே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஓடுகிற லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி பல சமயம் இரவில்தான் கிடைக்கும், அது அவருக்கும் தெரியும். நேர்காணலில் "வண்டி உண்டு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வாசல் வரை வருமா, சாலை முனையில் இறக்கிவிடுமா என்று மறுநாள் மெயிலில் கேட்டேன். வாசல் வரை என்று எழுத்தில் பதில் வந்தது. அதைக் காட்டிய பிறகுதான் அப்பா வேலைக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துவரச் சொன்னார்.

பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். ஒன்று, 12 மாதத்துக்குள் விலகினால் சேரும்போது தரும் போனஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். "வரி பிடிச்சுக்கிட்டுத்தானே கையில குடுப்பாங்க? திருப்பும்போது அந்த வரியையும் சேர்த்து நீதான் குடுக்கணும்." நான் அந்த வாக்கியத்தை மூன்று முறை படித்திருக்கிறேன், இது தோன்றவே இல்லை. இன்னொன்று, தகுதிகாண் காலமான 6 மாதம் வரை ஒரு மாத நோட்டீஸ் போதும், அதன்பின் மூன்று மாதம்.

அங்கிருந்துதான் பேரம் தொடங்கியது. போனஸை ஒரு வருடம் தொடக்கூடாது, வரியாகப் போன தொகையையும் சம்பளத்திலிருந்து அதோடு சேர்த்து வைக்க வேண்டும், பிடிக்காவிட்டால் கடனில்லாமல் திரும்பி வர அது வேண்டும் என்றார். சரி என்றேன். மணிக்கொரு தடவை போன் செய்யச் சொன்னார். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரூம் கதவைப் பூட்டியதும் ஒரு செய்தி அனுப்புகிறேன் என்றேன். யோசித்துத் தலையாட்டினார். இருப்பதா வருவதா என்பதை ஐந்தாவது மாதக் கடைசியில் பேசுவோம், அதுவரை "வந்துடு" என்று சொல்லக் கூடாது. அது என் நிபந்தனை.

ஒருமுறைகூட அவர் அதை மீறவில்லை.

ஐந்தாவது மாதக் கடைசியில் அவரே வந்தார். அன்று எனக்கு இரவு வேலை. வண்டி வந்து நின்றபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கியதும் ஓட்டுநர் கிளம்பவில்லை. நான் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "இருந்துக்கோ" என்றார் அப்பா.