கொமட்டில் செங்காவி வளையம்: அமிலமா, ப்ளீச்சா?

எங்கள் வீட்டில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கொமட்டுக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் செங்காவி நிற வளையம் விழுந்திருக்கிறது. போன கிழமை டொய்லெட் கிளீனர் ஊற்றித் தேய்த்தும் போகாததால் அதன் மேலேயே ப்ளீச் ஊற்றினேன். மூக்கும் கண்ணும் எரிந்து, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். கறை அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

இருமலோ இழுப்போ இன்னும் விடவில்லை என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.

டொய்லெட் கிளீனர்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கும். அது ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும்கூட இதையே செய்யும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். ஒரே வாளியில் கலக்கினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் ஊற்றிய அமிலம் கொமட்டின் வளைவில் நிற்கும் தண்ணீரில் கிடந்தாலே போதும். இனி எப்போதாவது அப்படி நடந்தால் ஃபிளஷ் பண்ண நிற்காமல் வெளியே வாருங்கள், கதவைத் திறந்தே விடுங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் கூடலாம், அதனால் அன்றைக்கு முழுவதும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி கறைக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மண் போலப் படிந்திருந்தால் அது இரும்பு. இரும்புக் கறைக்கு ப்ளீச் கூடவே கூடாது. அது இரும்பைத் துருவாக்கி இன்னும் அழுத்தமாக ஒட்ட வைக்கும்.

இரண்டு மூன்று தடவை ஃபிளஷ் பண்ணி, பழைய மருந்து முழுதும் போன பிறகு தொடங்குங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் வளைவுக்குள் தள்ளினால் வளையம் வெளியே தெரியும். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரையுங்கள். கொதிநீர் வேண்டாம், சூடு தாக்கினால் பீங்கான் வெடிக்கும். டொய்லெட் பேப்பரை அதில் நனைத்து வளையத்தின் மேல் ஒட்டி, 2 மணி நேரம் விடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை. இரும்புக் கம்பி நாரைத் தொடாதீர்கள். மேற்பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த கறை அதற்குள்ளே போய் உட்காரும்.

நகத்தால் சுரண்டும்போது வெள்ளையாகச் சொரசொரத்தால் அது சுண்ணாம்புப் படிவு, அதற்கும் இதே முறைதான். விளிம்புக்கு அடியில் வழுவழுப்பான கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். ப்ளீச் அதற்கு மட்டும், அதுவும் வேறொரு நாளில், ஃபிளஷ் பண்ணிய கொமட்டில்தான். சிறுநீரோடு சேர்ந்தாலும் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

வளையம் சீக்கிரம் திரும்பி வந்தால், தண்ணீர்த் தாங்கியில் கொஞ்சம் கேசரி நிறம் கரைத்து அரை மணி நேரம் பாருங்கள். ஃபிளஷ் பண்ணாமலே கொமட்டுக்குள் நிறம் வந்தால் தாங்கியின் ரப்பர் மூடி கசிகிறது. அதை மாற்றுங்கள்.