ஒரே சரக்கு, ஒரே விற்பனை, இரண்டு லாபம்

கேள்வி: அமெரிக்கப் பங்குகளில் கொஞ்சம் முதலீடு வைத்திருக்கிறேன். செம்புக் கம்பி விற்கும் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். விற்பனை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விலை ஏறிக்கொண்டே போன கடந்த ஆண்டில் ஒன்றின் லாபம் மற்றதைவிட மிக அதிகம். அதிக லாபம் காட்டுவது ஃபைஃபோ முறை, மற்றது லைஃபோ முறை என்று கணக்குக் குறிப்பில் போட்டிருக்கிறது. லாபம் அதிகமுள்ள நிறுவனத்தையே வாங்கலாமா?

பதில்: அந்த லாப வித்தியாசத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதில் எவ்வளவு வியாபாரத்தால் வந்தது, எவ்வளவு கணக்கு முறையால் வந்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிப்பதற்குத் தேவையான எண்கள் ஆண்டறிக்கையிலேயே இருக்கின்றன.

கிடங்கில் எந்தச் சுருள் முதலில் வெளியே போகிறது என்பதற்கும் இந்த இரண்டு முறைகளுக்கும் தொடர்பில்லை. இரண்டு நிறுவனங்களுமே பழைய சரக்கைத்தான் முதலில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். விற்ற சரக்கின் அடக்கவிலையாக எந்த விலையை எடுத்துக்கொள்வது என்பதில்தான் வேறுபாடு. முதலில் வாங்கிய விலையை முதலில் செலவில் எழுதினால் ஃபைஃபோ. கடைசியாக வாங்கிய விலையை முதலில் எழுதினால் லைஃபோ.

சிறிய கணக்கு ஒன்று போடுவோம். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு நிறுவனங்களிடமும் தலா 100 சுருள் இருக்கிறது, ஒவ்வொன்றும் 50 டாலருக்கு வாங்கியது. ஆண்டின் நடுவில் 60 டாலருக்கு 100 சுருளும், கடைசியில் 70 டாலருக்கு 100 சுருளும் வாங்குகிறார்கள். ஆண்டு முழுக்க 200 சுருளை 80 டாலருக்கு விற்கிறார்கள். விற்பனை 16,000 டாலர். சம்பளம், வாடகை போன்ற மற்ற செலவுகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஃபைஃபோ நிறுவனம் 50 டாலர் சுருள்களையும் 60 டாலர் சுருள்களையும் செலவில் எழுதும். அடக்கவிலை 11,000, லாபம் 5,000. லைஃபோ நிறுவனம் 70 டாலர் சுருள்களையும் 60 டாலர் சுருள்களையும் எழுதும். அடக்கவிலை 13,000, லாபம் 3,000. ஒரே விலைக்கு வாங்கி, ஒரே விலைக்கு விற்று, ஒரே அளவு சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்கிற இரண்டு பேரிடையே 2,000 டாலர் வித்தியாசம்.

இப்போது பணப்பெட்டியைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் 16,000 வந்தது, சரக்கு வாங்க 13,000 போனது. மீதம் 3,000தான். ஃபைஃபோ காட்டும் கூடுதல் 2,000 பணமாக எங்கும் இல்லை. அது கிடங்கில் இருக்கும் 100 சுருளுக்குள் இருக்கிறது. அந்தச் சுருள்களின் மதிப்பு ஃபைஃபோ ஏட்டில் 7,000, லைஃபோ ஏட்டில் இன்னும் பழைய 5,000. தொடக்கத்தில் 100 சுருள் வைத்திருந்தவர் முடிவிலும் 100 சுருள்தான் வைத்திருக்கிறார். அதே சரக்கை வைத்துக்கொள்வதற்கு இப்போது கூடுதலாக 2,000 தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறவர் அதை எடுத்து டிவிடெண்டாகக் கொடுத்துவிட முடியாது.

வரியையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்காவில் நிறுவனங்களுக்கான மத்திய வரி 21 சதவீதம். ஃபைஃபோ நிறுவனம் 1,050 கட்டும், லைஃபோ நிறுவனம் 630 கட்டும். வரி போக ஃபைஃபோ நிறுவனத்தின் கையில் 1,950, லைஃபோ நிறுவனத்தின் கையில் 2,370. குறைந்த லாபம் காட்டுகிறவரிடம்தான் அதிகப் பணம் இருக்கிறது! லைஃபோவைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். வரிக்கு லைஃபோவைக் காட்டிவிட்டுப் பங்குதாரருக்கு ஃபைஃபோ லாபத்தைக் காட்டவும் வழியில்லை. வரிக் கணக்கில் லைஃபோ என்றால் பங்குதாரருக்கான லாபக் கணக்கும் லைஃபோவாகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வரிச் சட்டம் சொல்கிறது. அதனால் குறைந்த லாபத்தைப் பார்த்துவிட்டு மோசமான நிர்வாகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்தச் சிக்கல் அமெரிக்கக் கணக்குகளைப் படிக்கும்போதுதான் அதிகம் வரும். சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2, 2003-ல் திருத்தப்பட்டபோது லைஃபோவை நீக்கிவிட்டது. 2005 முதல் அந்தத் தரத்தைப் பின்பற்றும் நிறுவனங்கள் ஃபைஃபோ அல்லது சராசரி விலை முறையைத்தான் பயன்படுத்துகின்றன. அமெரிக்கத் தரத்தில் லைஃபோ இன்றும் செல்லும்.

சரி, இரண்டையும் ஒரே அளவுகோலில் எப்படி நிறுத்துவது? லைஃபோ நிறுவனத்தின் 10-K ஆண்டறிக்கையைத் திறந்து LIFO என்று தேடுங்கள். சரக்கிருப்பு பற்றிய குறிப்பில், இன்றைய விலையில் அல்லது ஃபைஃபோ முறையில் மதிப்பிட்டிருந்தால் சரக்கு இவ்வளவு கூடுதலாக இருந்திருக்கும் என்று ஒரு தொகை இருக்கும். அதை லைஃபோ ரிசர்வ் என்பார்கள். நம் கணக்கில் அது 7,000 கழித்தல் 5,000, அதாவது 2,000. பெயரில் ரிசர்வ் என்று இருப்பதால் தனியாக எடுத்து வைத்த பணம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையிலான இடைவெளி, வேறொன்றும் இல்லை.

லாபத்தைத் திருத்தும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சேர்க்க வேண்டியது மொத்த ரிசர்வ் அல்ல, அந்த ஆண்டில் அது எவ்வளவு கூடியது என்பதை மட்டும்தான். முதல் ஆண்டில் ரிசர்வ் பூஜ்யத்திலிருந்து 2,000 ஆனது. லைஃபோ லாபம் 3,000 உடன் 2,000 சேர்த்தால் 5,000, ஃபைஃபோ லாபம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு விலை 80 ஆகிறது, 200 சுருள் வாங்கி 200 சுருளை 90 டாலருக்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். லைஃபோ லாபம் 2,000, ஃபைஃபோ லாபம் 3,000. ரிசர்வ் இப்போது 3,000, ஆனால் சேர்க்க வேண்டியது கூடிய 1,000 மட்டுமே. வரிக்குப் பிந்தைய லாபத்தைத் திருத்துகிறீர்கள் என்றால் அந்த 1,000-லிருந்து வரியைக் கழித்து 790 சேர்க்க வேண்டும். மொத்த ரிசர்வ் தொகை இருப்புநிலைக் குறிப்பில் சரக்கின் மதிப்பைத் திருத்தத்தான் உதவும்.

இப்படித் திருத்தினால் ஒப்பிட முடியும். ஆனால் வரும் ஆண்டுகளில் என்ன சம்பாதிப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு லைஃபோ லாபம்தான் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் அதில் இருப்பது இன்றைய விலைக்கு நெருக்கமான அடக்கவிலை. ஃபைஃபோ நிறுவனம் லைஃபோ எண்ணைத் தராது, நாமே தோராயமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கச் சரக்கிருப்பை அந்த ஆண்டின் விலை உயர்வு சதவீதத்தால் பெருக்கி, லாபத்திலிருந்து கழியுங்கள். நம் கணக்கில் தொடக்கச் சரக்கு 5,000, விலை 50-லிருந்து 70 ஆனதால் உயர்வு 40 சதவீதம், பெருக்கினால் 2,000. உண்மை நிறுவனத்தில் இவ்வளவு கச்சிதமாக வராது. பல வகைச் சரக்குகளின் விலை பல வேகத்தில் ஏறும். அதனால் பொதுவான பணவீக்க விகிதத்தைப் போடாமல் அந்தச் சரக்கின் சொந்த விலை உயர்வைப் போடுங்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, லைஃபோ எப்போதும் அடக்கமான லாபத்தைக் காட்டும் என்று நினைத்தால் ஆபத்து. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு லைஃபோ நிறுவனத்தின் லாபம் திடீரென்று ஏறியதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளரிடம் நல்ல பங்கு என்று சொன்னேன். அடுத்த ஆண்டு லாபம் பழைய இடத்துக்கே இறங்கியது. குறிப்பை அப்போதே படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது அவருடைய பணம் என்பதால் இன்றும் மனதில் நிற்கிறது.

நடந்தது இதுதான். நம் கணக்கின் இரண்டாம் ஆண்டையே வேறு விதமாகப் பாருங்கள். சரக்குத் தட்டுப்பாடு, 80 டாலருக்கு 100 சுருள்தான் வாங்க முடிந்தது. ஆனால் 200 சுருளை 90 டாலருக்கு விற்றார்கள். லைஃபோ நிறுவனம் 80 டாலர் சுருள்களை எழுதி முடித்ததும், அடியில் கிடந்த 50 டாலர் சுருள்களுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அடக்கவிலை 13,000, லாபம் 5,000. ஃபைஃபோ நிறுவனத்தின் அடக்கவிலை 15,000, லாபம் 3,000. விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் இந்த முறை லைஃபோ லாபம் பெரிதாகிவிட்டது. முதல் ஆண்டில் மிச்சமான 420 டாலர் வரியும் இந்த ஆண்டு திரும்பிப் போய்விடுகிறது. இரண்டு ஆண்டையும் கூட்டினால் இருவருக்கும் லாபம் 8,000.

நம் கணக்கில் அடியில் கிடந்தது போன ஆண்டு விலை. உண்மையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய விலைகள் ஏட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கலாம். அடுக்கு எவ்வளவு பழையதோ, அதைத் தொடும்போது லாபம் அவ்வளவு துள்ளும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு தடயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: விலை ஏறிய ஆண்டிலும் லைஃபோ ரிசர்வ் குறைந்திருப்பது, கையிருப்புச் சரக்கு போன ஆண்டைவிட இறங்கியிருப்பது. இதனால் லாபம் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தால் குறிப்பில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்தத் தொகையை லாபத்திலிருந்து கழித்துவிட்டுப் படியுங்கள். தீர்ந்துபோன பழைய அடுக்கு அடுத்த ஆண்டு மறுபடி வராது. செம்பு விலை இறங்கும் ஆண்டுகளில் ஒப்பீடே தலைகீழாகும், ஃபைஃபோ லாபம் லைஃபோவைவிடக் குறையும், ரிசர்வும் விலை இறங்கியதாலேயே சுருங்கும். அப்போது சரக்கின் அளவையும் பார்க்காமல் பழைய அடுக்கு கரைந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் இரண்டு நிறுவனங்களுக்கு வருவோம். லைஃபோ நிறுவனத்தின் கடந்த மூன்று ஆண்டு ரிசர்வ் தொகைகளைப் பக்கத்தில் எழுதி, ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை லாபத்தோடு சேருங்கள். அப்புறம் அதை ஃபைஃபோ நிறுவனத்தின் லாபத்தோடு வையுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டால், நீங்கள் பார்த்தது கணக்கு முறையின் வித்தியாசம். அந்த நிலையில் வரி போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பணப்புழக்க அறிக்கையில் ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் ஃபைஃபோ நிறுவனத்தின் லாபம் தெளிவாக அதிகமாக இருந்தால், அவர்கள் மலிவாக வாங்குகிறார்களா, நல்ல விலைக்கு விற்கிறார்களா என்று தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.