ஒரே ஃபான்ட், விண்டோஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி: கேள்வி பதில்

ஒரே ஃபான்ட் ஃபைல்தான். 18 பிக்சலில் விண்டோஸில் மெலிசாக இருக்கிறது, 19 வைத்தால் திடீரென்று தடித்துவிடுகிறது. மேக்கில் அப்படி இல்லையே?

'ட'வின் அடிக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வரையப்படும் சதுரத்தின் உயரம் 1000 அலகு, கோட்டின் தடிமன் 80 அலகு என்று வைப்போம். 18 பிக்சலில் அது 1.44 பிக்சல், 19-இல் 1.52. திரையில் அரைப் பிக்சல் கிடையாது. ஃபான்டுக்குள் இருக்கும் ஹிண்டிங் கட்டளைகளை விண்டோஸ் மதிக்கும். அவை கோட்டை முழுப் பிக்சலுக்கு இழுக்கும். 1.44 ஒன்றாகிறது, 1.52 இரண்டாகிறது. அந்தத் தாவல்தான் உங்கள் கண்ணில் பட்டது. மேக் இந்தக் கட்டளைகளைக் கண்டுகொள்வதே இல்லை. மிச்சமுள்ள பின்னத்தைப் பக்கத்துப் பிக்சலில் சாம்பலாகப் பூசிவிடும். வடிவம் மாறாது, விளிம்பு கொஞ்சம் மங்கும்.

அப்போ விண்டோஸின் எழுத்து மென்மையாக்கும் வசதியான கிளியர்டைப்பை ஆஃப் பண்ணினால் ஹிண்டிங் போய்விடும், சரிதானே?

இல்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதால் அப்படித் தோன்றும். ஹிண்டிங் கோட்டை நகர்த்தும். ஸ்மூத்திங் விளிம்புக்குச் சாயம் பூசும். கிளியர்டைப் இரண்டாவது வகை. அதை நிறுத்தினால் ஹிண்டிங் போகாது, விளிம்புகள் படிக்கட்டாகி இன்னும் பளிச்சென்று தெரியும்.

நான் மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் தெரிகிறது. ஃபான்ட் கெட்டுப்போச்சா?

ஃபான்ட் நல்லாத்தான் இருக்கிறது. பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் என்ற கணக்கில் கிளியர்டைப் விளிம்பில் நிறம் பூசுகிறது. நீங்கள் திருப்பியதும் அவை மேலும் கீழுமாகிவிட்டன. ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் நிறம் இருந்தால் இதுதான் காரணம். சாம்பல் ஸ்மூத்திங்குக்கு மாற்றுங்கள். மேக், மொஹாவி (2018) முதல் இந்த நிறப் பூச்சை வழக்கத்திலிருந்து எடுத்தேவிட்டது.

என் வலைப்பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் இந்த வரியைப் போட்டேன். என் மேக்கில் மெலிந்தது, நண்பரின் விண்டோஸில் ஒன்றும் ஆகவில்லை.

```css
-webkit-font-smoothing: antialiased;
```

அது மேக்குக்கு மட்டும். மேக் தன் ஸ்மூத்திங்கில் கோட்டைச் சற்றுத் தடிக்க வைக்கும். இந்த வரி அதை நிறுத்துகிறது. மெல்லிய ஃபான்டில், அதுவும் வெள்ளைப் பின்னணியில், நான் போடமாட்டேன். படிக்கச் சிரமம்.

4கே வாங்கினால் இந்தத் தலைவலியே இருக்காது என்கிறார்களே?

பெருமளவு குறையும். 200% அளவில் அந்த 1.44, 2.88 ஆகிறது. மூன்றாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாம்பலை எவ்வளவு அடர்த்தியாகப் பூசுவது என்பதில் இரண்டு சிஸ்டமும் ஒத்துப்போவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேக் இன்னும் தடிமனாகத்தான் தெரியும்.

தடிமனாக இருப்பதுதான் அச்சுக்கு நெருக்கம். விண்டோஸ் செய்வது தப்பு.

வடிவமைப்பாளர்கள் பலர் உங்கள் கட்சிதான். 12 பிக்சலில், சாதாரண மானிட்டரில், நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுகிறவரிடம் கேட்டால் சண்டைக்கு வருவார்.